அறைகளுக்குப் போனவர்களை முழுசாகத் திரும்பக் கொண்டுவர

கேள்வி: நான் எட்டாம் வகுப்புக்கு ஆன்லைனில் அறிவியல் எடுக்கிறேன். 32 பேர், 45 நிமிட வகுப்பு. ஜூமில் பிரேக்அவுட் அறைகளுக்கு அனுப்பினால், எந்த அறைக்குள் நான் நுழைந்தாலும் ஒரே அமைதி. அறைகளை மூடினால் நாலைந்து பேர் திரும்பி வருவதே இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேரவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அப்புறம் எல்லாக் குழுக்களும் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. குழு விவாதத்தையே விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

விட்டுவிட வேண்டாம். உங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் இருக்கின்றன: அறைக்குள் அமைதி, திரும்பும்போது ஆள் குறைவது, வந்த பிறகு நேரம் போதாமல் போவது. இவற்றைத் தனித்தனியாகச் சரிசெய்யப் பார்த்தால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். பிள்ளைகள் எதைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும் என்பது அவர்கள் அறைக்குள் போகும் முன்பே தெளிவாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளே பேசவும் காரணம் இருக்காது, திரும்பி வரவும் அவசரம் இருக்காது.

எட்டாம் வகுப்புக்கு நான் பலமுறை எடுத்த ஒரு பாடத்தை வைத்தே சொல்கிறேன். ஒரு தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதைக் கண்ணாடிக் குவளையால் கவிழ்த்து மூடுகிறோம். சில நொடிகளில் தீ அணைகிறது, குவளைக்குள் தண்ணீர் மேலே ஏறுகிறது. ஏன் ஏறுகிறது? இதுதான் விவாதம்.

முதன்முதலில் இதை எடுத்தபோது, “ஏன் தண்ணீர் ஏறுகிறது என்று குழுவில் விவாதியுங்கள்” என்று சொல்லி அனுப்பினேன். ஒரு அறைக்கு 6 பேர். எந்த அறையில் நுழைந்தாலும் நீங்கள் சொல்லும் அதே அமைதி. பிறகு பிள்ளைகளிடம் தனியாகப் பேசிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர்களுக்குப் பேசக் கூச்சம் என்பது ஒரு பக்கம். யார் முதலில் பேசுவது என்றும், எதைச் சொன்னால் வேலை முடிந்தது என்றும் யாருக்கும் தெரியவில்லை. நேரில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்தால் யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேச்சைத் தொடங்கிவிடுவார். கேமராவை அணைத்த ஆறு பெயர்களுக்கு நடுவே அது நடப்பதில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் பேசட்டும் என்று காத்திருப்பார்கள்.

அதனால் கேள்வியை மாற்றினேன். இப்போது மூன்று விளக்கங்களை நானே கொடுத்துவிடுகிறேன். அ: தீ ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது, அந்தக் காலி இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது. ஆ: தீயால் சூடான காற்று, தீ அணைந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது. இ: எரியும்போது உண்டாகும் கார்பன் டை ஆக்ஸைடு தண்ணீரில் கரைந்துவிடுகிறது. குழு செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒன்றைத் தேர்ந்தெடுத்து, “நாங்கள் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், சோதனையில் நாங்கள் பார்த்த…” என்று தொடங்கும் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதிக்கொண்டு வர வேண்டும். ‘பார்த்த’ என்ற சொல்லை நான் விடுவதே இல்லை. அது இல்லாவிட்டால் பாடப்புத்தக வரியை எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். அது இருந்தால் சோதனையில் எப்போது என்ன நடந்தது என்று ஒருவரை ஒருவர் கேட்டே தீர வேண்டும்.

அறைக்கு 4 பேர் போதும். உங்களுக்கு 32 பேர் என்றால் 8 அறை. மூன்று பேர் வைத்தால் இன்னும் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் ஒருவருடைய நெட் போனால் இருவர் மட்டும் மிஞ்சுவார்கள். அந்த இருவரில் ஒருவர் பேசாதவராக இருந்தால் அறை செத்துவிடும். ஐந்தாவது ஆள் வந்ததும் ஒருவர் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. நான்குதான் என் அனுபவத்தில் சரியாக வருகிறது.

நான்கு பேரில் முதலில் பேசுபவர் யார் என்பதை நீங்களே முடிவு செய்துவிடுங்கள். பிறந்த நாள் எந்த மாதம் என்றெல்லாம் கேட்டால் அதற்கே ஒரு நிமிடம் போகும். “அறைக்குள் அகர வரிசையில் யார் பெயர் முதலில் வருகிறதோ அவர் தொடங்கட்டும்” என்றால் போதும், பெயர்கள் திரையிலேயே இருக்கின்றன. எழுதுபவராகக் கணினியில் இருக்கும் ஒருவரைப் போடுங்கள். போனில் இருக்கும் பிள்ளை ஜூமையும் எழுதும் பக்கத்தையும் மாற்றி மாற்றித் திறந்து தவிக்கும். இதற்காக வகுப்பு தொடங்கும்போதே, கணினியில் இருப்பவர்கள் Rename மூலம் தங்கள் பெயருக்கு முன்னால் ‘1’ என்று போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். அறைகளைப் பிரிக்கும்போது ஒவ்வொரு அறையிலும் ஒரு ‘1’ இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத அறைக்கு ஒருவரை நகர்த்திவிடலாம். மூன்றாமவருக்கு மணி பார்க்கும் வேலை. அதைப் பற்றிக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன், அது தோன்றுவதைவிட முக்கியமானது.

பிரிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு வகுப்பிலும் புதுசு புதுசாகக் கலைத்துப் போடாதீர்கள். ஒரே நால்வர் குழு நாலைந்து வாரம் சேர்ந்திருந்தால் மூன்றாவது வகுப்பில் பேச்சு தானாகத் தொடங்கும். இதற்கு ஜூமில் முன்கூட்டியே மின்னஞ்சல் முகவரிகளை வைத்துக் குழுப் பிரிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் அந்த முகவரியிலேயே ஜூமில் உள்நுழைந்திருந்தால்தான் அது வேலை செய்யும். அம்மா, அப்பா கணக்கில் வருபவர்களும் வெறும் லிங்க்கைத் தட்டி வருபவர்களும் எந்த அறையிலும் சேராமல் நிற்பார்கள். எட்டாம் வகுப்பில் அப்படிப் பாதிப் பேராவது இருப்பார்கள். பெயர்ப் பட்டியலைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் சோதனை வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கையாலேயே பிரித்துவிடுங்கள். 8 அறைகளுக்கு மூன்று நிமிடம் ஆகும்.

இப்போது எழுதும் இடத்துக்கு வருகிறேன். என் வகுப்பை மாற்றியது இதுதான். எல்லாக் குழுவுக்கும் பொதுவாக ஒரே ஒரு ஸ்லைடு கோப்பு, எல்லோரும் திருத்தும் அனுமதியோடு. அறை 1-க்கு 1-வது ஸ்லைடு, அறை 2-க்கு 2-வது ஸ்லைடு, இப்படி எட்டு. ஒவ்வொரு ஸ்லைடிலும் மேலே மூன்று விளக்கங்களும், கீழே அந்த வாக்கியத்தின் தொடக்கமும் ஏற்கெனவே இருக்கும். கேள்வியைத் தனியாகச் சொல்லி அனுப்பினால் அறைக்குள் போனதும் “என்ன பண்ணச் சொன்னாங்க?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கேள்வி ஸ்லைடிலேயே இருந்தால் அந்தக் குழப்பம் இல்லை. கோப்பின் லிங்க்கை அறைகளைத் திறக்கும் முன்பே சாட்டில் போட்டு, எழுதுபவர்கள் எட்டுப் பேரும் திறந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். திறந்தவர்கள் கை உயர்த்தட்டும், எட்டுக் கை வரும் வரை காத்திருங்கள். இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் உள்ளே நாலு நிமிடம் போகும்.

அறைகளைத் திறந்த பிறகு நீங்கள் எங்கே இருக்க வேண்டும்? வெளியே. இதைச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்வதில்லை, அறை அறையாகப் போய்ப் பார்ப்பதுதான் ஆசிரியர் வேலை என்று நினைக்கிறார்கள். நீங்கள் நுழைந்தால் அமைதியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அமைதியில் ஒரு பங்கு நீங்கள் நுழைந்ததால் வந்தது. உங்கள் பெயர் திரையில் தோன்றியதும் பேசிக்கொண்டிருந்த பிள்ளை நிறுத்திவிடும். அதோடு, நீங்கள் ஒரு அறைக்குள் இருக்கும்போது மற்ற ஏழு அறைகள் உங்கள் கண்ணில் படாது. நெட் போய்த் திரும்பி வந்த பிள்ளை முதன்மை அறையில் தனியாக நின்றுகொண்டிருக்கும்.

வெளியே இருந்தபடி ஸ்லைடு கோப்பைக் கட்டக்கட்டமாக எட்டு ஸ்லைடும் ஒன்றாகத் தெரியும் தோற்றத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஜூமின் அறைப் பட்டியல். எட்டு அறைகளிலும் எழுத்து ஓடுவது உங்களுக்குத் தெரியும். முதல் மூன்று நிமிடத்தில் வெறுமையாக இருந்தால் கவலை வேண்டாம், பேசிக்கொண்டிருப்பார்கள். நான்காவது நிமிடத்தில் ஒரு எழுத்துகூட இல்லாத ஸ்லைடு எதுவோ, அந்த அறைக்கு மட்டும் போங்கள். அதேபோல ஒரு நிமிடத்துக்குள் முழு வாக்கியமும் எழுதப்பட்ட ஸ்லைடையும் சந்தேகியுங்கள். அங்கே ஒருவர் எழுதிவிட்டார், மற்ற மூவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருமுறை ஐந்தாவது அறையின் ஸ்லைடில் ‘அ’ என்ற ஒற்றை எழுத்து மட்டும் நாலு நிமிடமாக நின்றது. உள்ளே போனேன். “எப்படிப் போகுது?” என்று கேட்டிருந்தால் “நல்லாப் போகுது” என்று பதில் வந்திருக்கும். ஸ்லைடைப் பார்த்துவிட்டுப் போனதால் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “தண்ணீர் ஏறியது தீ எரிந்துகொண்டிருக்கும்போதா, அணைந்த பிறகா?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் ஒரு மைக் திறந்தது. “அணைஞ்ச பிறகுதான் நல்லா ஏறுச்சு.” உடனே இன்னொரு குரல்: “அப்போ ஆக்சிஜன் தீரத் தீர ஏறியிருக்கணுமே?” நான் அப்போதே வெளியே வந்துவிட்டேன். வெளியே வந்து பார்த்தால் ஸ்லைடில் ‘அ’ அழிந்துகொண்டிருந்தது. அறைக்குள் நாம் இருக்க வேண்டிய நேரம் இவ்வளவுதான், அரை நிமிடம், ஒரு நிமிடம். உங்களைத் தேடும் குழுக்களுக்கு Ask for Help பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் உங்கள் திரையில் அறிவிப்பு வரும் என்பதைப் போகும் முன் சொல்லிவிடுங்கள்.

இனி, நீங்கள் அதிகம் வருந்தும் விஷயம்: திரும்ப வருவது.

நாலைந்து பேர் ஏன் காணாமல் போகிறார்கள்? வேண்டுமென்றே போகிறவர்கள் ஓரிருவர் இருக்கலாம். என் வகுப்பில் காணாமல் போனவர்களை மறுநாள் கேட்டபோது பெரும்பாலோர் சொன்னது வேறு. நேரம் முடிகிறது என்ற அறிவிப்பைப் பார்த்ததும் தாங்களாகவே வெளியேற வேண்டும் என்று நினைத்து, Leave என்று தொடங்கும் பொத்தானை அழுத்துகிறார்கள். அங்கே இரண்டு வழிகள் காட்டும். Leave Breakout Room அழுத்தினால் முதன்மை அறைக்கு வருவார்கள். Leave Meeting அழுத்தினால் வகுப்பை விட்டே போய்விடுவார்கள். அவசரத்தில் கை இரண்டாவதில் படுகிறது. போனில் இன்னும் எளிதாகப் படும். பிறகு லிங்க்கைத் தேடி, காத்திருப்பு அறையில் நின்று, நீங்கள் அதைக் கவனிக்காமல் விட்டு, அவர்கள் அப்படியே போய்விடுகிறார்கள்.

இதற்கு மருந்து ஒரு வாக்கியம்: “நேரம் முடிந்ததும் எதையும் அழுத்தாதீர்கள், ஜூமே உங்களைத் திரும்பக் கூட்டி வரும்.” இதை ஒவ்வொரு முறையும், அறைகளைத் திறப்பதற்குச் சற்று முன், கடைசி வாக்கியமாகச் சொல்லுங்கள். நடுவில் சொன்னால் மறந்துவிடுவார்கள். நினைத்த நேரத்தில் முதன்மை அறைக்குத் திரும்பும் அனுமதியை அறைகளின் Options பகுதியில் எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுக்காதீர்கள். அதை எடுத்துவிட்டால் அறையில் ஏதாவது சங்கடம் என்றால் பிள்ளை வெளியேற வகுப்பை விட்டே போவது ஒன்றுதான் வழியாகிவிடும்.

அடுத்து அந்த ஒரு நிமிடம். நீங்கள் Close All Rooms அழுத்தியதும் ஒரு எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். இயல்பாக அது 60 நொடி. அதற்குள் சிலர் தாங்களாக முன்னதாகவே வருவார்கள், மற்றவர்கள் பூஜ்ஜியத்தில் ஒன்றாக இழுக்கப்படுவார்கள். நீங்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள் என்று சொல்வது இதைத்தான். Options-இல் இந்த எண்ணிக்கையைக் குறைக்கவும் முடியும். ஆனால் உடனே 10 நொடிக்குப் போகாதீர்கள். பாதி வாக்கியத்தில் இருக்கும் பிள்ளையைத் தோளைப் பிடித்து இழுத்த மாதிரி இருக்கும். குழு பழகும் வரை 60 இருக்கட்டும், பிறகு 30 போதும்.

எண்ணிக்கை தொடங்குவதற்கு முன் வரும் எச்சரிக்கைதான் முக்கியம். Broadcast மூலம் எல்லா அறைகளுக்கும் செய்தி அனுப்பலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் 10 நிமிட விவாதத்துக்கு இரண்டே செய்திகள் அனுப்புகிறேன். ஐந்தாவது நிமிடத்தில்: “பாதி நேரம் முடிந்தது. இன்னும் பேசாதவரைக் கேளுங்கள்.” எட்டாவது நிமிடத்தில்: “இன்னும் 2 நிமிடம். பேச்சை நிறுத்தி வாக்கியத்தை எழுதுங்கள்.” இரண்டையும் முன்பே தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் அதே சொற்கள் இருந்தால் நல்லது, முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

இங்கேதான் அந்த மணி பார்க்கும் பிள்ளை வருகிறது. Broadcast செய்தி ஜூம் திரையில் சில நொடி தோன்றி மறைந்துவிடும். எழுதும் பிள்ளையோ அந்த நேரத்தில் ஸ்லைடு பக்கத்தில் இருக்கும், ஜூம் பின்னால் மறைந்திருக்கும். செய்தி வந்ததே தெரியாது. பல மாதம் எனக்கு இது பிடிபடவில்லை. எச்சரிக்கை கொடுத்தும் ஏன் பாதி வாக்கியத்தோடு வருகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இப்போது மணி பார்ப்பவர் ஜூம் திரையை விட்டு நகரக் கூடாது, செய்தி வந்ததும் அதைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். போனில் இருக்கும் பிள்ளைக்கு இது பொருத்தமான வேலை. அதுவரை எழுத முடியாமல் ஓரமாக இருந்த பிள்ளை, குழுவை நேரத்துக்கு முடிக்க வைக்கும் ஆளாகிவிடுகிறது. வீட்டில் ஒரே ஒரு போன் மட்டும் இருக்கும் பிள்ளைகளை நினைத்து இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

பத்து நிமிடத்துக்கு டைமர் வைக்கும்போது, நேரம் முடிந்ததும் எனக்குத் தெரிவிக்கும்படியும் வைத்துக்கொள்கிறேன். அப்போது அறைகளை மூடவா, திறந்தே வைக்கவா என்று ஜூம் என்னைக் கேட்கும். ஸ்லைடுகளைப் பார்த்து, பாதிக்கு மேல் முடிந்திருந்தால் மூடிவிடுவேன். எல்லோரும் முடிக்கும் வரை காத்திருந்தால், முடித்த அறைகளில் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

மூடும் பொத்தானை அழுத்தியதும் நீங்கள் பேசவே கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். முன்பெல்லாம் முதலில் வந்த ஐந்தாறு பேரிடம், “சரி, என்ன பேசினீர்கள்?” என்று தொடங்கிவிடுவேன். பதினைந்தாவது ஆள் வரும்போது அதையே மறுபடி சொல்வேன். எல்லோரும் வந்ததும் மூன்றாவது முறை. முதலில் வந்த பிள்ளைகள், சீக்கிரம் வந்ததற்குக் கிடைத்தது சலிப்புதான் என்று கற்றுக்கொண்டார்கள். அடுத்த வாரம் அவர்களும் தாமதமாக வந்தார்கள்.

இப்போது, மூடும் முன்பே என் திரையைப் பகிர்ந்துவிடுகிறேன். அதில் பெரிய எழுத்தில் ஒரு வேலை இருக்கும்: “அடுத்த அறையின் ஸ்லைடைப் படியுங்கள். அவர்களிடம் கேட்க ஒரு கேள்வியைச் சாட்டில் தட்டச்சு செய்யுங்கள். நான் சொல்லும் வரை அனுப்ப வேண்டாம்.” 3-வது அறையில் இருந்தவர்கள் 4-வது ஸ்லைடைப் படிப்பார்கள், 8-வது அறைக்காரர்கள் 1-வதைப் படிப்பார்கள். போனில் இருப்பவர்களுக்காக நான் ஸ்லைடுகளை மெதுவாக ஒவ்வொன்றாகத் திரையில் காட்டுகிறேன். முதலில் வந்தவருக்கும் வேலை இருக்கிறது, கடைசியில் வந்தவருக்கும் வேலை இருக்கிறது, யாருக்கும் நான் எதையும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அறையில் மைக்கைத் திறந்து பேசியவர்கள் பெரும்பாலும் அப்படியே திறந்த மைக்கோடு வந்து சேர்வார்கள். அதனால் எண்ணிக்கை முடிந்ததும் Mute All அழுத்திவிடுங்கள். தலை எண்ணி, எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், “மூன்று, இரண்டு, ஒன்று, அனுப்புங்கள்” என்பேன். முப்பது கேள்விகள் ஒரே நொடியில் சாட்டில் கொட்டும். பேசவே பேசாத பிள்ளையின் கேள்வியும் அதில் இருக்கும். வகுப்பு மறுபடி ஒன்று சேர்ந்துவிட்டது என்பதை அந்த நொடியில்தான் எல்லோரும் உணர்கிறார்கள்.

தலை எண்ணும்போது ஆள் குறைந்தால் அறைப் பட்டியலையும் காத்திருப்பு அறையையும் பாருங்கள். தவறி வெளியே போனவர்கள் பெரும்பாலும் காத்திருப்பு அறையில்தான் நிற்பார்கள்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. 8 குழு, ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம் என்றால் 16 நிமிடம். மைக்கைத் திறப்பது, “யார் சொல்லப் போறீங்க?” என்று கேட்பது எல்லாம் சேர்ந்தால் 20-ஐத் தாண்டும். அதிலும் நான்காவது குழுவுக்குப் பிறகு, “அவங்க சொன்னதேதான்” என்றுதான் வரும். எல்லாக் குழுவையும் சொல்ல வைப்பதுதான் நியாயம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எட்டு வாக்கியங்களும் ஸ்லைடில் இருக்கின்றன, எல்லோரும் பார்க்கலாம். யாருடைய உழைப்பும் வீணாகவில்லை.

வெளியே இருந்தபடி ஸ்லைடுகளைப் பார்த்துக்கொண்டிருந்ததன் பயன் இப்போது தெரியும். யாரை, எந்த வரிசையில் பேச அழைப்பது என்பதை மூடும் முன்பே நான் தாளில் குறித்துவிடுவேன். மெழுகுவர்த்திப் பாடத்தில் பெரும்பாலும் ஐந்து அறைகள் ‘அ’ என்று எழுதும், இரண்டு அறைகள் ‘ஆ’, ஒரு அறை ‘இ’. முதலில் ‘அ’ எழுதியவர்களில் நல்ல காரணம் சொன்ன ஒரு அறையை அழைப்பேன். காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, 21 சதவீதம், ஆக்சிஜன். தண்ணீரும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு ஏறியது என்று அவர்கள் எழுதியிருப்பார்கள். அது மதிக்க வேண்டிய வாதம். அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். உடனே அந்த ஐந்தாவது அறை மாதிரி ஒன்றை அழைப்பேன்: தீ அணைந்த பிறகுதானே வேகமாக ஏறியது? மூன்றாவதாக ‘இ’ எழுதிய அறை. கார்பன் டை ஆக்ஸைடு தண்ணீரில் கரையும் என்பது உண்மைதான், ஆனால் சில நொடிகளில் இவ்வளவு கரையுமா என்று சாட்டில் ஏற்கெனவே யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியை எழுதிய பிள்ளையையே கேட்கச் சொல்வேன். இப்படி மூன்று அறைகள் பேசுகின்றன, மற்ற ஐந்தும் வாதத்தில் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டே கேட்கின்றன. கடைசியில், “இதுவரை யாரும் சொல்லாத காரணம் எந்த ஸ்லைடிலாவது இருக்கிறதா?” என்று ஒரு கேள்வி. விடுபட்ட நல்ல யோசனை அப்போது வெளியே வரும்.

முதலில் அழைக்கப்போகும் அறையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. எட்டாவது நிமிடச் செய்தியிலேயே, “முதலில் 2-வது அறை பேசும்” என்று சேர்த்துவிடுவேன். திடீரென்று பெயர் சொல்லி அழைத்தால் தெரிந்த பிள்ளையும் திணறும்.

மொத்தக் கணக்கு இப்படி வரும். சோதனை வீடியோவும் தனியாக ஊகம் எழுதுவதும் 9 நிமிடம். விளக்கம், லிங்க், வேலைப் பங்கீடு 3 நிமிடம். அறைக்குப் போய்ச் சேர ஒரு நிமிடம். விவாதம் 10. திரும்ப ஒரு நிமிடம், படித்துச் சாட்டில் எழுத 2. இதோடு 26 ஆகிறது. பொது விவாதத்துக்கு இன்னும் 15 நிமிடம் கையில் இருக்கும், கடைசி 4 நிமிடத்தில் இன்னொரு வீடியோ. அதில் அதே குவளைக்குள் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்திகள். குவளைக்குள் இருக்கும் ஆக்சிஜனின் அளவு மாறவில்லை, ஆனால் தண்ணீர் முன்பைவிட உயரமாக ஏறும். ‘அ’ எழுதிய ஐந்து அறைகளும் தங்கள் வாக்கியத்தைத் தாங்களே திருத்த அங்கே இடம் கிடைக்கிறது. தனியாக ஊகம் எழுதும் அந்த ஒரு நிமிடத்தை நேரமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். தன்னுடையது என்று ஒரு விடை கையில் இருந்தால்தான் அறைக்குள் பேச ஒரு பொருள் இருக்கும்.

இரண்டு எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். கிளவுட் ரெக்கார்டிங் முதன்மை அறையை மட்டும்தான் பதிவு செய்யும், அறைகளுக்குள் நடந்த பேச்சு அதில் வராது. வராத பிள்ளைக்கு வீடியோ அனுப்பினால் நடுவில் பத்து நிமிடம் வெறுமையாக இருக்கும். அந்தப் பிள்ளைக்கு ஸ்லைடு கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். இன்னொன்று, ஒரே நேரத்தில் எட்டு அறைகளையும் உங்களால் கேட்க முடியாது. பிள்ளைகள் பெரியவர்கள் இல்லாமல் தனியாகப் பேசுவது பற்றி உங்கள் பள்ளிக்கு விதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு அறையில் யாராவது சீண்டப்பட்டால் முதன்மை அறைக்கு வந்து உங்களிடம் தனியாகச் சொல்லலாம் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பும் அனுமதியை எடுக்க வேண்டாம் என்றது இதற்காகவும்தான். நீங்கள் வெளியே இருப்பதால், வந்த பிள்ளைக்கு அங்கே ஆள் இருக்கும்.

மெழுகுவர்த்தியை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஏதாவது ஒரு வகுப்பின் தொடக்கத்தில் ஐந்தே நிமிடம் எடுத்துக்கொண்டு, பாடமே இல்லாமல் போய் வரும் பயிற்சி மட்டும் செய்யுங்கள். நால்வராக அனுப்பி, நால்வருக்கும் பொதுவாகப் பிடித்த ஒரு விளையாட்டை ஸ்லைடில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது நிமிடத்தில் செய்தி, மூன்றாவது நிமிடத்தில் மூடுங்கள். ஒருவரும் எதையும் அழுத்தக் கூடாது. 32 பேரும் திரும்பி வந்தார்களா என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால், யார், எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று அப்போதே கேட்டு, அந்தப் பிள்ளைக்குத் திரையைப் பகிர்ந்து ஒருமுறை காட்டிவிடுங்கள்.